மூன்றாவது முடிச்சுக்கு ஒன்பது நாள் லீவு

திருவேங்கடம் அட்டையைப் படிப்பதில்லை. வேம்புலியம்மாள் இதைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் பேக்கிங் பகுதியில் வேலை செய்பவர். ரப்பர் புஷ் நிறைந்த தட்டு ஒன்று அவர் முன்னால் வந்து சேரும். தட்டின் காதில் சணல் நூலால் ஓர் அட்டை கட்டியிருக்கும். என்றைக்கு அச்சில் வெந்தது, எத்தனை உருப்படி, யார் சோதித்தது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். தேறியதற்கு முத்திரையும் குத்தியிருக்கும். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கட்டைவிரலால் நூலை ஒருதரம் தடவுவார். மூன்று முடிச்சு தட்டுப்பட்டால் தட்டைத் தூக்கிப் பெட்டியில் கவிழ்ப்பார். இரண்டுதான் இருக்கிறது என்றால் தட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்த முடிச்சுகளைப் போடுகிறவள் வேம்புலியம்மாள். அம்பத்தூர் எஸ்டேட்டில், இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருக்கும் சின்ன ரப்பர் கம்பெனி அது. மோட்டாருக்கும் பம்புக்கும் உள்ளே போகிற, குழல் மாதிரியான புஷ் செய்கிறார்கள். கடைசிச் சோதனை மேஜை அவளுடையது. அச்சிலிருந்து சூடாக வந்த ரப்பரை உடனே சோதித்தால் அளவு தப்பாகக் காட்டும். ஒரு நாள் முழுக்க அது சும்மா கிடக்க வேண்டும். "தூங்கணும்" என்பாள் வேம்புலியம்மாள். தூங்க வைக்கும்போது ஒரு முடிச்சு, தூங்கி எழுந்ததும் இரண்டாவது, சோதித்துத் தேறியதும் மூன்றாவது. இப்படிச் செய் என்று யாரும் சொல்லித் தரவில்லை. என்றோ ஒரு நாள் கை தானாகச் செய்தது. அப்புறம் கை நிறுத்தவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அப்பா அம்மா இரண்டு பேரும் அயனம்பாக்கம் ஏரி ஓரம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனார்கள். பத்து வயது சின்னவனான தம்பி ஜெகதீஷை இடுப்பில் வைத்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. நிலம் மனையாயிற்று, மனை அடுக்குமாடியாயிற்று. இடுப்பில் இருந்தவன் இறங்கிப் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்கு மலேசியா போனான். அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடியபின், அவனுக்குக் கூடப்பிறந்த உறவு என்று இருப்பது இந்த அக்கா ஒருத்திதான்.

முப்பத்தெட்டு வயதில் அவனுக்குக் கல்யாணம் கூடியது. பெண் எழிலரசி அங்கேயே கிள்ளான் ஊர்க்காரி. அவளுடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவரால் விமானம் ஏற முடியாது என்பதால் கல்யாணம் அங்கேயே ஒரு கோயிலில் என்று முடிவாயிற்று. ஜெகதீஷ் போனில் அழைத்தபோது வேறெதுவும் பேசவில்லை.

"யக்கா, மொத முடிச்சு நான் போட்டுடுவேன். மத்த ரெண்டு நீ வந்து போடணும். நீ வராம தாலி கழுத்துல நிக்காது."

நாத்தனார் முடிச்சு. அக்கா தங்கை இல்லாதவன் கல்யாணத்தில் யாராவது ஒன்றுவிட்ட உறவு வந்து அதைப் போடுவது உண்டுதான். ஆனால் அக்கா இருக்கிறாளே.

அன்று முதல் வேம்புலியம்மாளுக்கு வேலைக்குப் போகிற வழியே மாறிவிட்டது. ஷேர் ஆட்டோ பிடிக்கும் இடம் வரைக்கும் ஏரிக்கரை மேல் நடப்பாள். காலையில் தண்ணீர் மேல் லேசாகப் புகை மாதிரி நிற்கும். அதற்கு மேலே, ரொம்ப உயரத்தில், ஒரு விமானம் போகும். பின்னால் வெள்ளையாக ஒரு கோடு நீளும். நூல் கோத்த ஊசி போல இருக்கிறதே என்று நினைப்பாள். வானத்தை யாரோ தைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊசியின் காதுக்குள் தானும் உட்கார்ந்திருப்பதாக நினைத்து நடுவழியில் நின்றுவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நகர்ந்துகொள்வாள்.

மகள் ரோஷினி கூட்டிப் போய் பாஸ்போர்ட் எடுத்தாள். அம்மா பத்தாவது தேறாததால் வெளிநாட்டு வேலைக்குப் போனால் அனுமதி வாங்க வேண்டும் என்கிற குறிப்போடு அது வந்தது. கல்யாணத்துக்குப் போக அந்த அனுமதி தேவையில்லைதான், ஆனால் விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள் என்று ஆவடியில் டிக்கெட் போடுகிற கடைக்காரர் சொன்னார். திரும்பி வர டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, கூடவே வேலை செய்கிற இடத்தில் லீவு கொடுத்ததற்கு ஒரு லெட்டர், மூன்றும் கையில் இருந்தால் நல்லது என்றார். முதல் இரண்டும் அப்போதே அவள் பையில் இருந்தன. ஜெகதீஷ் யாரையும் கேட்காமல் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டிருந்தான். மூன்றாவது மட்டும் கம்பெனியில் இருந்தது.

அதைக் கேட்க அவளுக்கு ஆறு நாள் ஆயிற்று.

மேனேஜர் தட்சிணாமூர்த்தி கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். மேனாம்பேட்டில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்தவர். கத்தமாட்டார். கத்தாத ஆளிடம் கேட்பதுதான் வேம்புலியம்மாளுக்குக் கஷ்டம். என்ன நினைக்கிறார் என்று முகத்தில் தெரியாது. தினமும் அவர் கண்ணாடிக் கதவு வரை போவாள். உள்ளே அவர் போனில் இருப்பார். வெளியே மாட்டியிருக்கும் தீயணைப்புக் குழாயில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆபீஸில் லீவு கணக்கு பார்க்கும் ஜெபா மேடம் இதை இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார். கம்ப்யூட்டரில் பார்த்து, அவள் கணக்கில் சம்பளத்தோடு எடுக்கிற லீவு, இ.எல்., முப்பது நாள் இருக்கிறது, அதற்கு மேல் சேராது, வருடா வருடம் மிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது என்று சொன்னார். பதினைந்து நாள் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் விதிப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் கையெழுத்து மேனேஜருடையது.

ஆறாம் நாள் அவள் லெட்டரோடு உள்ளே போனாள். ரோஷினி டைப் செய்து தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தானே கையால் எழுதியது. தம்பிக்குக் கல்யாணம், ஊர் கிள்ளான், முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. முந்தின வியாழக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை, நடுவில் வரும் ஞாயிறு நீங்கலாக ஒன்பது வேலை நாள் லீவு வேண்டும், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன். இவ்வளவுதான்.

தட்சிணாமூர்த்தி இரண்டு முறை படித்தார். அப்புறம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அந்த வாரம் புதன்கிழமைதான் கஸ்டமர் ஆடிட், வேம்புலிம்மா."

தெரியும் என்று தலையாட்டினாள். புஷ் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வருவார்கள். நேராக அவள் மேஜைக்குத்தான் வருவார்கள்.

நாலு நாள் போதாதா என்று கேட்டார். சனிக்கிழமை போய் செவ்வாய்க்கிழமை வந்துவிட முடியாதா. கல்யாணத்துக்கு முன்னால் நலங்கு, பந்தக்கால், பெண்ணின் அப்பாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பது, கல்யாணத்துக்குப் பின் மறுவீடு என்று சொல்ல அவளிடம் நிறைய இருந்தது.  இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பெரியவங்கன்னு நான் ஒருத்திதான் சார்" என்றாள் கடைசியில்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"போகக்கூடாதுன்னு நான் சொல்லல. உங்க லெட்டர்ல நீங்க எங்க போறீங்கன்னு இருக்கு, என்னைக்கு வருவீங்கன்னு இருக்கு. நீங்க இல்லாத ஒன்பது நாள் அந்த மேஜை எப்படி ஓடும்னு இல்ல. அதையும் எழுதிட்டு வாங்க."

அவர் கேட்டது நியாயம் என்று அவளுக்கே பட்டது. அன்று மதியம் சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் யோசித்தாள். யார் பார்ப்பார்கள்? ஓரம் வெட்டும் பகுதியில் அனுசுயா இருக்கிறாள். ஆறு வருடமாகப் பிசிறு வெட்டுகிறவள். அவள் கத்தி ரப்பரைத் தொட்டால் மீசை மழித்த மாதிரி இருக்கும். கண் நல்ல கண். கேட்டதும் அனுசுயா பயந்தாள். அப்புறம் ஆடிட்டில் இங்கிலீஷ்காரன் வருவானா என்று கேட்டாள். புனேகாரர் வருவார், இந்தி பேசுவார், மேனேஜர் பக்கத்தில் நிற்பார் என்றதும் சரி என்றாள்.

வேம்புலியம்மாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தாள். சாயங்காலம் வீட்டில், குக்கர் விசிலுக்கு நடுவில். எழுதும்போது வேறெங்கோ போய்விடுவாள். 'காலையில் வந்ததும் அளக்கிற கேஜைச் சோதனைக் கட்டையில் வைத்துப் பார்க்கவும், கட்டையில் எழுதியிருக்கிற எண்ணும் கேஜ் காட்டுவதும் ஒன்றாக இருந்தால்தான் வேலையைத் தொடங்கவும்' என்று எழுதுவாள். அடுத்த வரிக்கு முன்னால் கிள்ளான் கோயிலில் மேளம் கேட்கும். அந்த ஊர் மேளம் எப்படி இருக்குமோ. 'ஒவ்வொரு தட்டிலும் இருபது உருப்படி, மேலே இருந்து பத்து, அடியில் இருந்து பத்து.' எழிலரசியின் கழுத்து எப்படிப்பட்ட கழுத்தாக இருக்கும். போட்டோவில் மெலிசாகத் தெரிந்தது. 'இன்று வெந்ததை நாளை இதே நேரம் வரை தொட வேண்டாம். சந்தேகம் வந்தால் சிவப்புத் தட்டில் ஒதுக்கி மேனேஜர் சாரிடம் காட்டவும். சந்தேகத்தோடு எதையும் அனுப்ப வேண்டாம்.'

ஒன்பது பக்கம் வந்தது. தட்சிணாமூர்த்தி பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். எழுத்து நன்றாக இருக்கிறது என்றார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் அனுசுயா மேஜையைப் பார்க்கட்டும், நீங்கள் அவள் இடத்தில் போய் உட்காருங்கள் என்றார்.

"அவங்க கேட்டா சொல்லுங்க. கேக்காம சொல்லாதீங்க. நீங்க மலேசியாவுல இருக்கறதா நெனச்சுக்குங்க. சனிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போடறேன்."

வேம்புலியம்மாள் இருபதடி தள்ளி உட்கார்ந்து பிசிறு வெட்டினாள். மலேசியாவில் இருப்பதாக நினைத்துக்கொள்வது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. பிரஸ் மெஷின் மூச்சு விடுகிற சத்தம் கடல் சத்தம் போலவே இருந்தது. நடுநடுவே நிமிர்ந்து தன் மேஜையைப் பார்ப்பாள். தான் செத்துப்போய் ஆவியாக வந்து வீட்டைப் பார்க்கிறது போல இருந்தது. தன் நாற்காலி, தன் விளக்கு, அதில் இன்னொருத்தி. அந்த இன்னொருத்தி நன்றாகவே செய்தாள். நிதானமாக எண்ணினாள். எழுதினாள். வியாழக்கிழமை இரண்டு கேள்வி கேட்டாள். வெள்ளிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. வேம்புலியம்மாளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, உள்ளே எங்கோ லேசாக எறும்பு கடித்த மாதிரியும் இருந்தது.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தட்டிலிருந்து அட்டை அவிழ்ந்து தரையில் விழுந்தது. அனுசுயா பதறி எடுத்துக் கட்டினாள். இது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

சனிக்கிழமை மூன்றரை மணி. சாமான் ஏற்ற வரும் வண்டி நாலரைக்கு கேட்டில் நிற்கும். திருவேங்கடம் பாட்டோடு தட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தார். வேம்புலியம்மாள் சும்மாதான் நிமிர்ந்தாள். அவர் கையில் ஒரு தட்டு இருந்தது. வலது காது நசுங்கிய தட்டு. அந்தத் தட்டு அன்று காலை பத்து மணிக்கு அச்சிலிருந்து வந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பெட்டியில் கவிழ்த்தார். டேப்பை இழுத்து ஒட்டினார்.

அவள் கையில் கத்தி அப்படியே நின்றது.

கேக்காம சொல்லாதீங்க என்பது அவள் காதில் திரும்பத் திரும்ப வந்தது. அவள் கிள்ளானில் இருக்கிறாள். கிள்ளானில் இருக்கிறவளுக்கு அம்பத்தூர் தட்டு எப்படித் தெரியும்? ஒரு மணி நேரத்தில் வண்டி போய்விடும். அதற்கு அடுத்த அரை மணியில் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் லெட்டர், லெட்டர் இருந்தால் ஊசியின் காது. ரப்பர் அனேகமாகச் சரியாகத்தான் இருக்கும். பத்துத் தட்டில் ஒன்பது சரியாகத்தான் இருக்கும். மேளம் அவள் தலைக்குள் மெல்ல ஆரம்பித்தது, மஞ்சள் கயிறு தெரிந்தது, அதன் இரண்டு முனையையும் தம்பி பிடித்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் நூலைக் கையில் வாங்கினாள். எத்தனை முடிச்சு போட்டிருக்கிறது என்று கட்டைவிரல் தானாகத் தடவிப் பார்த்தது.

எழுந்து பேக்கிங்குக்குப் போனாள். கழற்றிப் போட்டிருந்த அட்டை மேஜையில் கிடந்தது. முத்திரை இல்லை. நூலில் மூன்று முடிச்சு. அட்டை இன்னொரு தரம் அவிழ்ந்து விழக்கூடாது என்று அனுசுயா எடுத்த எடுப்பிலேயே மூன்று போட்டுவிட்டாள். நோட்டில் ஒன்பது பக்கமும் எழுதிய வேம்புலியம்மாள் முடிச்சைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. முடிச்சு எழுதுகிற விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"இந்தப் பெட்டி தூங்கல அண்ணாத்தே" என்றாள் மெதுவாக.

திருவேங்கடம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் படித்தார். முகம் சுருங்கியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, டேப்பைக் கிழிக்கப் போனார்.

"இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற. பிரிச்சி தட்டுல கொட்டி உள்ள தள்ளிடறேன். எவனுக்குத் தெரியப் போவுது. நீ போயி ஏரோப்ளேன் ஏறு தங்கச்சி."

நல்ல மனுஷன். சொன்னது நடக்கக்கூடியதும்தான். அனுசுயாவிடம் காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வேம்புலியம்மாள் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தாள். உள்ளே இன்னும் சூடு இருப்பது போல அவள் கைக்குத் தோன்றியது.

"அங்க போயி முடிச்சு போடும்போது இந்தப் பெட்டி நெனப்பு வரும் அண்ணாத்தே" என்றாள்.

கண்ணாடிக் கதவை இந்தத் தடவை அவள் தட்டவே இல்லை. நேராகத் திறந்துவிட்டாள்.

தட்சிணாமூர்த்தி வெளியே வந்து பெட்டியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கடைசியில் நூலைக் கையில் எடுத்தார். முடிச்சின் கதையை அவளே சொல்ல வேண்டியதாயிற்று. அனுசுயா அழுகிற மாதிரி நின்றாள். நோட்டில் இப்படி ஒன்றுமே இல்லையே யக்கா என்றாள். இல்லைதான், தப்பு என்னுடையது என்றாள் வேம்புலியம்மாள். மூணு முடிச்சுன்னா கல்யாணம் முடிஞ்ச மாரி சார், அதான் அனுப்பி வெச்சேன் என்று திருவேங்கடம் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷமா இப்படி ஓடுது?"

"பதினோரு வருஷம் சார்."

"நான் வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆடிட்காரன் முத்திரையைப் பாத்துட்டுப் போறான், இங்க வேலை நூல்ல நடக்குது." அவர் நூலை மேஜையில் வைத்தார். "இன்னைக்குக் கையெழுத்து இல்ல, வேம்புலிம்மா."

அவள் தலையாட்டினாள். பெட்டி உள்ளே போயிற்று. வண்டி அது இல்லாமல் போயிற்று. எல்லாரும் கைகழுவப் போனபின் அவர் அவளை மறுபடி கூப்பிட்டார்.

"இது இப்ப வெளிய வந்ததே நல்லதுதான். நீங்க அங்க இருக்கும்போது நடந்திருந்தா எனக்கு யார் வந்து சொல்லியிருப்பா? அந்த நோட்டுல நீங்க தெரிஞ்சு செய்யறதெல்லாம் இருக்கு. யோசிக்காம செய்யறது இல்ல. திங்கட்கிழமை அதை எழுதிட்டு வாங்க."

யோசிக்காமல் செய்வதை யோசித்து எழுதுவது எப்படி? ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேம்புலியம்மாள் தன் கைகளைப் பின்தொடர்ந்தாள். அரிசி களைந்தபோது பார்த்தாள். துணி உலர்த்தியபோது பார்த்தாள். ஏரிக்கரையில் உட்கார்ந்து, மடியில் இல்லாத தட்டை இருப்பதாக வைத்துக்கொண்டு கண்ணை மூடி வேலை செய்தாள். அந்தப் பக்கம் நடந்து போனவர்கள் சாமி வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனார்கள். கை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தது. தட்டை எடுத்ததும் முகர்ந்து பார்க்கிறோம், வேகாத ரப்பரில் புளித்த வாடை இருக்கும். ஜன்னல் பக்கமாகத் தட்டைத் திருப்புகிறோம். மத்தியான வெயில் விழுகிற மூலையில் தூங்கும் தட்டை வைப்பதில்லை. கேஜ் வைப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் ஒன்றை அமுக்கிப் பார்க்கிறோம். அப்புறம் முடிச்சு. இன்னும் ஒன்று: திருவேங்கடம் பாட்டை நிறுத்தினால் நிமிர்ந்து பார்க்கிறோம். அதை எழுதலாமா கூடாதா என்று யோசித்து, எழுதிவிட்டாள்.

முடிச்சை நோட்டில் எழுதிவிட்டால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. நூல் அவள் கைக்குத்தான் தெரியும். ரோஷினியின் கலர் சார்ட்டை வெட்டி மூன்று நிறத்தில் அட்டை செய்தாள். தூங்குகிற தட்டுக்குச் சிவப்பு, எழுந்த தட்டுக்கு மஞ்சள், தேறிய தட்டுக்குப் பச்சை. பச்சையும் முத்திரையும் சேர்ந்து இருந்தால்தான் பெட்டி.

திங்கட்கிழமை அந்தத் தட்டையும் சோதித்தார்கள். இருபதும் சரியாகவே இருந்தது. வண்டியில் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.  தட்சிணாமூர்த்தி புதுப் பக்கங்களைப் படித்தார். கடைசி வரியில் ஒருகணம் நின்று, கண்ணாடி வழியாகத் திருவேங்கடத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று நாள் அனுசுயா மேஜையில் உட்கார வேண்டும் என்றார். கலர் பார்த்து வேலை செய்கிற வயதா எனக்கு என்று திருவேங்கடம் நாள் முழுக்க முனகினார். ஆனாலும் பார்த்தார். ஒரு தடவை மஞ்சளைத் தூக்கப் போய் அனுசுயாவே அவரை நிறுத்தினாள். "அது இன்னும் பச்ச ஆவலண்ணா, வெச்சிட்டு பாட்டு பாடு" என்றாள். வேம்புலியம்மாள் அப்போது நிமிரவே இல்லை. காதால் கேட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் படிவத்தில் கையெழுத்து விழுந்தது. ஜெபா மேடம் கம்பெனி பெயர் போட்ட தாளில், இவர் எங்கள் நிரந்தரத் தொழிலாளி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை லீவு, இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறார் என்று டைப் செய்து சீல் வைத்துக் கொடுத்தார். தட்சிணாமூர்த்தி அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"டிக்கெட் போட்டாச்சா?"

வேம்புலியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"போட்டாச்சு சார்."

"எப்போ?"

"லீவு கேக்கறதுக்கு முன்னாடியே சார்."

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அப்புறம் மீதிக் கையெழுத்தையும் போட்டார்.

விமான நிலையத்தில் அந்தக் கடைக்காரர் சொன்னது போலவே ஆயிற்று. பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி அவளைத் தனியாக நிறுத்தி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். அவள் பத்திரிகை, டிக்கெட், லெட்டர் மூன்றையும் வரிசையாக வைத்தாள். அவர் லெட்டரைத்தான் அதிக நேரம் படித்தார். மேலே போனபின் ஜன்னலில் மேகம் வந்தது. கழுவிப் போட்ட பஞ்சு மாதிரி. கீழே எங்கோ ஏரிக்கரையில் ஒருத்தி நின்று நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் கண்ணாடியில் கை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் கோயிலில், மேளம் அவள் நினைத்ததைவிட வேகமாக இருந்தது. ஜெகதீஷ் முதல் முடிச்சை எப்படியோ போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். எழிலரசியின் பின்கழுத்தில் பூவும் வியர்வையும் மணத்தன. வேம்புலியம்மாள் கயிற்றை வாங்கினாள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது. விட்டுவிட்டு நகர வேண்டியவள் ஒருகணம் நின்று, கட்டைவிரலால் மூன்றையும் தடவிப் பார்த்தாள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த லீவில் வந்த புதன்கிழமை ஆடிட்டை அனுசுயாதான் நின்று முடித்தாள். வந்தவர் கலர் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். நோட்டு இப்போது ஜெபா மேடத்தின் அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அனுசுயா மேஜையைப் பார்க்கிறாள். அந்த நாட்களில் வேம்புலியம்மாள் பிசிறு வெட்டுகிறாள். அட்டைகளை நூலில்தான் கட்டுகிறார்கள், ஒரே முடிச்சு. திருவேங்கடம் இன்னும் பழக்கதோஷத்தில் நூலைத் தடவிவிட்டு, அப்புறம் நிறத்தைப் பார்க்கிறார். எழிலரசிக்கு இது ஏழாம் மாதம். வேம்புலியம்மாளின் கணக்கில், ஒன்பது போய் மறுபடி சேர்ந்து, இருபத்தெட்டு நாள் இ.எல். இருக்கிறது.